வைவாவில் எத்தனை எடுத்தால் பாஸ்?

எட்டாம் செமஸ்டர் முடியும் நேரத்தில் பொறியியல் கல்லூரி வராந்தாவில் நின்றால் ஒரு கேள்வி காதில் விழும். "இன்டர்னல்ல இவ்வளவு வெச்சிருக்கேன், வைவால எவ்வளவு வாங்கினா போதும்?" பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அதெல்லாம் போட்டுடுவாங்க, விடுடா." போட்டுவிடுவார்கள்தான். ஆனால் அந்த எண்ணை ஐந்து நிமிடத்தில் கணக்கிட்டுவிடலாம். கணக்கிட்டுப் பார்த்தால் வரும் விடை பலர் நினைத்திருப்பதற்கு வேறாக இருக்கும். இன்டர்னலில் நிறைய வைத்திருக்கிறேன், கவலையில்லை என்று உட்கார்ந்திருப்பவருக்கு அது இன்னும் வேறாக இருக்கும்.

கணக்கைப் பொதுவாகப் பேசினால் புரியாது. அதனால் தமிழ்நாட்டுக்குப் பழக்கமான ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2017 ரெகுலேஷனின் கீழ் சேர்ந்த பி.இ., பி.டெக். மாணவர்களுக்குக் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு மொத்தம் 100 மதிப்பெண். அது மூன்றாகப் பிரிகிறது. செமஸ்டருக்குள் நடக்கும் மூன்று ரிவ்யூக்களுக்குச் சேர்த்து 20. இதைத்தான் இன்டர்னல் என்கிறோம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு 30. வைவாவுக்கு 50.

மூன்று ரிவ்யூவும் ஒரே எடை அல்ல. முதலாவது 5, அடுத்த இரண்டும் ஆளுக்கு ஏழரை. தலைப்பையும் திட்டத்தையும் காட்டும் முதல் ரிவ்யூவைத் தவறவிட்டால் போவது 5. வேலை பாதி முடிந்த நிலையில் நடக்கும் இரண்டாவதை, கேம்பஸ் இன்டர்வியூ என்று சொல்லித் தவறவிட்டால் ஏழரை போகும். ரிப்போர்ட்டின் 30இல் கல்லூரியின் உள்தேர்வாளர் 15, வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் 15 போடுகிறார்கள். வைவாவின் 50இல் எக்ஸ்டர்னலுக்கு 20, உள்தேர்வாளருக்கு 15, கைடுக்கு 15.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம் உண்டு. ரிப்போர்ட் மதிப்பெண் ஒரு பேட்ச் முழுவதற்கும் ஒன்றுதான். நான்கு பேர் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட் என்றால் நான்கு பேருக்கும் அதே எண். ராத்திரி முழுக்க விழித்து எழுதியவருக்கும், பைண்டிங் செய்த பிறகு அட்டையில் தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தவருக்கும் வேறுபாடு கிடையாது. வைவா அப்படியல்ல. அது அவரவர் பதில் சொன்ன லட்சணத்தைப் பொறுத்தது. ஆகவே, வைவாவில் எத்தனை வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே பேட்ச்சில்கூட ஆளுக்கு ஒரு விடை வரலாம்.

இனி பாஸ் விதி. மொத்தத்தில் 50 வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். இதோடு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: செமஸ்டர் இறுதித் தேர்வுக்கென்று ஒதுக்கிய மதிப்பெண்ணில் 45 சதவீதம் தனியாக வேண்டும். ப்ராஜெக்ட்டில் ரிப்போர்ட்டும் வைவாவும் சேர்ந்ததுதான் அந்த இறுதித் தேர்வு. 30ம் 50ம் சேர்த்து 80. அதில் 45 சதவீதம் என்றால் 36. இரண்டு வாசலையும் தாண்டினால்தான் பாஸ். ஒன்றில் கூடுதலாக இருப்பதை எடுத்து மற்றதில் நிரப்ப முடியாது.

முதலில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றைப் பார்த்துவிடுவோம். ஒரு மாணவி இன்டர்னலில் 80 சதவீதம், ரிப்போர்ட்டில் 60 சதவீதம், வைவாவில் 30 சதவீதம் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 57. பாஸ் என்றுதான் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் எடை ஒன்றல்லவே. 20இல் 80 சதவீதம் 16. 30இல் 60 சதவீதம் 18. 50இல் 30 சதவீதம் 15. கூட்டினால் 49. ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது. அதிக சதவீதம் வாங்கிய இடம் சின்ன இடம், குறைவாக வாங்கிய இடம் பெரிய இடம். சராசரி எடுக்கும்போது இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. சதவீதங்களை ஒருபோதும் நேரடியாகக் கூட்டாதீர்கள். முதலில் அந்தந்தப் பகுதியின் எடைக்கு மாற்றிவிட்டு, பிறகு கூட்டுங்கள்.

அந்த மாணவி இன்னும் ஒரு மதிப்பெண் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பாரா? மொத்தம் 50 ஆகியிருக்கும். ஆனால் ரிப்போர்ட் 18, வைவா 16, இரண்டும் சேர்த்து 34. இரண்டாவது வாசலுக்கு 36 வேண்டும். அப்போதும் பாஸ் இல்லை.

இந்த இரண்டாவது வாசல்தான் விஷயத்தின் மையம். ஒரு பேட்ச்சை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர். ரிப்போர்ட்டுக்கு உள்தேர்வாளர் 10, எக்ஸ்டர்னல் 9 என்று போட்டார்கள். நான்கு பேருக்கும் 19. இன்டர்னல் மட்டும் வேறு வேறு. கோடு முழுவதையும் எழுதியவருக்கு 18. ரிப்போர்ட்டைத் தயாரித்தவருக்கு 16. மூன்று ரிவ்யூவிலும் பின்னால் நின்று தலையாட்டியவருக்கு 3, நாலரை, நாலரை என்று 12. இரண்டாவது ரிவ்யூவுக்கு வராமல்போனவருக்கு முதலில் 4, நடுவில் பூஜ்யம், கடைசியில் 5, மொத்தம் 9.

வராமல்போனவரிடமிருந்து தொடங்குவோம். கையில் இருப்பது 9ம் 19ம், ஆக 28. மொத்தம் 50 ஆக வைவாவில் 22 வேண்டும். இரண்டாவது வாசலுக்கு 36இல் 19 போக 17 போதும். இரண்டில் பெரியது 22. அதுதான் அவர் எடுக்க வேண்டியது. 22 எடுத்தால் இரண்டாவது வாசல் தானாகவே தாண்டிவிடும்.

தலையாட்டியவருக்குக் கையில் 31. மொத்தத்துக்கு 19 வேண்டும், இரண்டாவது வாசலுக்கு அதே 17. ஆகவே 19.

ரிப்போர்ட் தயாரித்தவருக்குக் கையில் 35. மொத்தத்துக்கு 15 போதும். இங்கேதான் அவர் கணக்கை நிறுத்திவிடுவார், பதினைந்து எடுத்தால் போதும் என்று. ஆனால் இரண்டாவது வாசல் அவருக்கும் 17தான் கேட்கிறது. ஆகவே 17. கோடு எழுதியவருக்கு மொத்தத்துக்கு 13 போதும். அவருக்கும் வேண்டியது அதே 17. இன்டர்னலில் 2 மதிப்பெண் கூடுதலாக வைத்திருந்தும் பாஸாவதற்கு அது ஒரு மதிப்பெண்ணைக்கூட மிச்சப்படுத்தவில்லை.

இதன் விபரீத முகத்தைப் பாருங்கள். கோடு எழுதியவர் வைவாவில் வாய் திறக்காமல் 16 வாங்குகிறார். மொத்தம் 53. ஆனால் இறுதித் தேர்வில் 35தான். ஃபெயில். தலையாட்டியவர் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து படித்து 19 வாங்குகிறார். மொத்தம் சரியாக 50. பாஸ். 53 வாங்கியவர் தோற்று 50 வாங்கியவர் ஜெயிப்பது அநியாயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லூரிக்குள்ளேயே போட்ட மதிப்பெண்ணை வைத்து மட்டும் ஒருவர் கரையேறிவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த விதி. வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்கும்போது குறைந்தபட்சமாவது நிற்க வேண்டும். ஆனால் அந்த விதியைச் செமஸ்டரின் தொடக்கத்திலேயே மாணவரிடம் சொல்ல வேண்டியது கல்லூரியின் பொறுப்பு. அது பல இடங்களில் நடப்பதில்லை.

எந்த வாசல் யாரைப் பிடிக்கும் என்பதை ஒரே ஒரு எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். 50இலிருந்து 36ஐக் கழியுங்கள், 14. இன்டர்னல் 14க்குக் கீழே இருந்தால் மொத்தம்தான் உங்கள் பிரச்சினை. குறையும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் வைவாவில் ஒன்று கூடுதலாக எடுக்க வேண்டும். இன்டர்னல் 14ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவது வாசல்தான் பிரச்சினை. அதற்கு மேல் 15 இருந்தாலும் 20 இருந்தாலும் பாஸைப் பொறுத்தவரை ஒன்றுதான். கிரேடுக்கு அது உதவும், அது வேறு கதை.

எக்ஸெல் ஷீட்டில் A2இல் இன்டர்னலையும் B2இல் ரிப்போர்ட்டையும் போட்டு, பக்கத்துக் கட்டத்தில் இதை எழுதினால் வைவாவில் வேண்டியது வந்துவிடும்:

```
=ROUNDUP(MAX(50-A2-B2, 36-B2), 0)
```

இரண்டு தேவைகளில் பெரியதை எடுத்து, பின்னம் வந்தால் மேல் நோக்கி முழு எண்ணாக்குகிறது. பின்னம் வரக் காரணம் அந்த ஏழரைதான். இன்டர்னல் பன்னிரண்டரை, ரிப்போர்ட் 18 என்றால் வைவாவில் பத்தொன்பதரை வேண்டும். 19 போதாது, 20 என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். தேவையைக் கணக்கிடும்போது கீழே இறக்கி முழு எண்ணாக்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இந்தச் சூத்திரத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இன்டர்னலில் 20க்கு 20, ரிப்போர்ட்டில் 30க்கு 30 வாங்கினால் கையில் 50 வந்துவிட்டது, வைவாவே வேண்டாம் போலிருக்கும். இரண்டாவது வாசல் விடாது. 36இல் 30 போக வைவாவில் 6 எடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு கெட்டிக்கார பேட்ச் ஆனாலும் அந்த ஆறுக்குக் கீழே இறங்க வழியில்லை.

இதுவரை ரிப்போர்ட்டுக்கு 19 என்று தெரிந்ததாக வைத்துக் கணக்குப் போட்டோம். உண்மையில் வைவா அறைக்குள் நுழையும் மாணவருக்கு அந்த எண் தெரியாது. வைவா நடத்தும் தேர்வாளர்கள்தான் ரிப்போர்ட்டுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ஆகவே நடைமுறையில் ஒரே விடையைத் தேடாமல் இரண்டு மூன்று நிலைகளை வைத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இன்டர்னல் 14 அல்லது அதற்கு மேல் இருப்பவருக்கு ரிப்போர்ட்டில் 24 விழுந்தால் வைவாவில் 12 போதும். பாதியளவு, 15 விழுந்தால் 21 வேண்டும். நம்முடைய நால்வர் பேட்ச்சில் ரிப்போர்ட் 19இலிருந்து 13க்கு இறங்கியது என்றால் நான்கு பேரின் தேவையும் ஆறு ஆறாக ஏறி முறையே 23, 23, 25, 28 ஆகிவிடும். ஒருவர் இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய அத்தியாயத்துக்கான விலையை நான்கு பேரும் வைவாவில் கட்ட வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டை ஒருவரிடம் தள்ளிவிட்டு மற்ற மூவரும் ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்ட இந்த எண்களே போதும்.

இனி அந்த 28 எங்கிருந்து வர முடியும் என்று பார்ப்போம். இன்டர்னலில் 9 வாங்கியவருக்குத்தான் அவ்வளவு தேவை. வைவாவில் கைடு கையில் 15 இருக்கிறது. ஆனால் ரிவ்யூ கமிட்டியிலும் அதே கைடு ஓர் உறுப்பினர். ரிவ்யூவுக்கு வராதவர் மேல் அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இருக்காது. 15க்கு 6 போடுகிறார் என்போம். உள்தேர்வாளரும் அதே துறைக்காரர், அவர் 7 போடுகிறார். மீதி 15, எக்ஸ்டர்னலின் 20இலிருந்து வர வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் முக்கால் பங்கு வாங்க வேண்டும். கூட்டல் கழித்தலில் 28 என்பது 50இல் பாதிக்குச் சற்று மேல்தான், சுலபமாகத் தெரியும். யார் யாரிடமிருந்து வர வேண்டும் என்று பிரித்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். இன்டர்னலில் குறைவாக வாங்கியவருக்கு வைவாவில் அதிகம் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் வைவாவின் ஒரு பகுதி, இன்டர்னலில் குறைத்துப் போட்டவர்களின் கையிலேயே இருக்கிறது.

எக்ஸ்டர்னலின் 20க்கு வழி என்ன? தேர்வாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் "இதில் நீ செய்தது எது?" என்பதுதான். வைவா தனித்தனி மதிப்பெண் என்பதால் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். "எல்லாம் சேர்ந்துதான் செஞ்சோம் சார்" என்ற பதிலில் அவருக்கு மதிப்பெண் போட எதுவும் இல்லை. டேட்டாபேஸ் அமைப்பு நான் செய்தேன், இந்த டேபிளை ஏன் இரண்டாகப் பிரித்தேன், சோதித்தபோது எங்கே தவறு வந்தது என்று சொல்பவருக்குப் போட இடம் இருக்கிறது.

பாஸ் மட்டும்தான் குறி என்றில்லை. அதே 2017 ரெகுலேஷனில் 81இலிருந்து 90 வரை ஏ பிளஸ், 91க்கு மேல் ஓ. இன்டர்னல் 16, ரிப்போர்ட் 24 இருக்கும் மாணவிக்கு ஏ பிளஸ் வேண்டுமானால் வைவாவில் 41 வேண்டும். கடினம், ஆனால் முடியும். ஓ வேண்டுமானால் 51. வைவாவே 50க்குத்தான். அதாவது அவர் உள்ளே நுழையும் முன்பே ஓ கைநழுவிவிட்டது. இது தெரிந்தால் வருத்தமாக இருக்கும்தான். ஆனாலும் எட்டாக் கனிக்கு ஏங்காமல் 41ஐக் குறிவைக்கலாம். ப்ராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட். கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையில் எட்டாம் செமஸ்டரின் 16 கிரெடிட்டில் 10 இதற்கே போகிறது. ஒரு கிரேடு ஏறினால் அந்த செமஸ்டர் ஜிபிஏ அரைப் புள்ளிக்கு மேல் ஏறும்.

எல்லாக் கல்லூரியிலும் மதிப்பெண்ணை இப்படி 20, 30, 50 என்று பிரித்து வைத்திருக்க மாட்டார்கள். சில தன்னாட்சிக் கல்லூரிகளிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஒவ்வொரு பகுதியையும் 100க்குத் திருத்திவிட்டு, ப்ராஜெக்ட்டுக்கு 60 சதவீத எடை, வைவாவுக்கு 40 சதவீத எடை என்று சேர்ப்பார்கள். அங்கே இன்னொரு படி கூடுகிறது. ப்ராஜெக்ட்டில் 100க்கு 62 என்றால் அது மொத்தத்துக்குத் தருவது 37.2. ஐம்பதுக்கு இன்னும் 12.8 வேண்டும். இங்கே நிறுத்திவிட்டு, வைவாவில் 13 எடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த 12.8 எடை போட்ட பிறகு வர வேண்டிய மதிப்பெண். வைவாத் தாளில் எத்தனை என்று தெரிய 0.4ஆல் வகுக்க வேண்டும். விடை 32. வைவாவுக்கென்று தனியாக 40 குறைந்தபட்சம் என்று விதி இருந்தால் 32 செல்லாது, 40தான்.

இந்த வகையில் வைவாவின் எடை குறையக் குறைய அது தூக்கிவிடும் சக்தியும் குறையும். வைவாவுக்கு 20 சதவீத எடைதான் என்று வையுங்கள். ப்ராஜெக்ட்டில் 45 வாங்கியவருக்கு வைவாவில் 70 வேண்டும். 40 வாங்கியவருக்கு 90. 37 வாங்கியவருக்கு 102 என்று வருகிறது, அதாவது வைவா முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவருக்கு ரிசல்ட் ஒன்றுதான். அப்படிப்பட்டவர் வைவாவுக்குத் தயாராவதைவிட, ரிப்போர்ட்டைத் திருத்தித் தர அனுமதி உண்டா என்று துறைத்தலைவரிடம் கேட்பதுதான் உருப்படியான வேலை.

விதிகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்திலேயே 2021 ரெகுலேஷனில் தியரிப் பாடங்களின் இன்டர்னல் 20இலிருந்து 40 ஆனது. இன்டர்னல் 40, இறுதித் தேர்வு 60, அதில் 45 சதவீதம் என்ற அமைப்பில் இரண்டாவது வாசல் 27. ஐம்பதிலிருந்து அதைக் கழித்தால் 23. அங்கே இன்டர்னலின் எல்லைக்கோடு 14 அல்ல, 23. சீனியர் சொன்ன எண் உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். சீனியர் தவறாகச் சொல்லவில்லை, அவர் வேறு ரெகுலேஷனில் படித்தவர்.

ஆகவே எந்தச் சூத்திரத்தையும் போடும் முன் உங்கள் ரெகுலேஷன் புத்தகத்தில் மூன்று எண்களைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை, மொத்தத்தில் பாஸுக்கு எத்தனை, இறுதித் தேர்வில் தனியாக எத்தனை. மூன்றாவதைத்தான் பலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அது கண்ணில் படாவிட்டால், இல்லை என்று முடிவு கட்டாமல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மூன்றாவது ரிவ்யூவுக்கு முன்பே கேளுங்கள். அப்போதுதான் இன்டர்னலில் ஏழரையும் ரிப்போர்ட்டின் முப்பதும் இன்னும் உங்கள் கையில் இருக்கும்.